வெளிநாட்டு முழு உதவித்தொகை: எந்தச் சான்றிதழை முதலில் கையில் எடுப்பது?

கேள்வி: 2023-இல் பி.இ. சிவில் முடித்தேன். சொந்த ஊர் திருநெல்வேலி. கோவையில் விடுதியில் தங்கி, 28,000 ரூபாய் சம்பளத்தில் வேலை செய்கிறேன். 2027 செப்டம்பரில் தொடங்கும் எராஸ்மஸ் முண்டஸ் முதுகலைப் படிப்புக்கு உதவித்தொகையுடன் விண்ணப்பிக்க விரும்புகிறேன். முதல் பருவம் ஸ்பெயினில். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை. சேமிப்பு 60,000 ரூபாய். மாதம் 9,000 ரூபாய் மிச்சம் பிடிக்கலாம். எதை எப்போது தொடங்குவது, எந்தச் சான்றிதழ் அதிகம் இழுக்கும், கையில் எவ்வளவு பணம் வேண்டும்?
– வாசகி, கோவை

பதில்: ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக நடத்தும் எராஸ்மஸ் முண்டஸில் எல்லாப் படிப்புகளுக்கும் பொதுவான ஒரே கடைசித் தேதி கிடையாது. ஒவ்வொரு படிப்பையும் நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு தனக்கென ஒரு தேதியை வைத்துக்கொள்கிறது என்றாலும், பெரும்பாலானவை அக்டோபரில் விண்ணப்பங்களைத் திறந்து, டிசம்பர் இறுதிக்கும் ஜனவரி நடுப்பகுதிக்கும் இடையில் மூடிவிடுகின்றன. இப்போது மார்ச் மாதம் என்பதால் உங்களுக்கு ஒன்பது, பத்து மாதங்கள் இருக்கின்றன. பலர் இந்தக் காலத்தின் பெரும்பகுதியை ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுப் பயிற்சியிலும் நோக்கக் கடிதத்திலும் செலவிட்டுவிட்டு, சான்றிதழ்களை நவம்பரில் தேடத் தொடங்குகிறார்கள். அந்த இரண்டும் உங்கள் உழைப்பை மட்டுமே நம்பியிருப்பவை. இன்னொருவரின் கையெழுத்துக்கும் முத்திரைக்கும் காத்திருக்க வேண்டியவைதான் இழுக்கும். ஆகவே அவற்றை முதலில் தொடங்க வேண்டும்.

முதல் வேலை பாஸ்போர்ட். கட்டணம் 1,500 ரூபாய்தான், ஆனால் அதில் அச்சாகும் பெயர்தான் ஐ.இ.எல்.டி.எஸ். சான்றிதழ், விண்ணப்பம், விசா எல்லாவற்றிலும் தொடரப்போகிறது. நம் ஊர் மதிப்பெண் பட்டியல்களில் பெயரும் ஒற்றை இனிஷியலும் இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமில்லை, விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விடலாமே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். பின்னர் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் நகர மறுக்கும் ஐரோப்பிய விண்ணப்பத் தளங்களில் ஒரு தளத்தில் புள்ளியும், இன்னொரு தளத்தில் சொந்தப் பெயரையே இருமுறையும் போட்டு, ஒரே ஆளுக்கு மூன்று பெயர்கள் உருவாகிவிடுகின்றன. தந்தையின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிவிடுவது, புதிதாக எடுக்கும் உங்களுக்கு எளிது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் இருக்கும் என்பதால், இனிஷியலின் விரிவு எது என்பதற்கு அதுவே ஆதாரமாகும். எழுத்துக்கூட்டலில் ஒரெழுத்து மாறியிருந்தாலும் அதை இப்போதே சரிசெய்துவிடுங்கள். பெயரே வேறாக இருந்தால் அரசிதழில் வெளியிடும் வழிக்குப் போக நேரும், அதற்குத் தனியே சில மாதங்களை ஒதுக்க வேண்டும்.

முகவரியிலும் கவனம் தேவை. நீங்கள் கோவையில் இருந்துகொண்டு திருநெல்வேலி முகவரியை மட்டும் தற்போதைய முகவரியாகக் கொடுத்தால், போலீஸ் விசாரணைக்கு வருபவர் உங்களை அங்கே காணாமல் அப்படியே எழுதிவிடுவார், கோப்பு அங்கேயே நின்றுவிடும். கோவை முகவரிக்கு ஏற்கத்தக்க ஆதாரம் ஒன்றை முதலில் உருவாக்கிக்கொண்டு, உண்மையில் தங்கியிருக்கும் முகவரியையே கொடுங்கள். விடுதிக்காரர் எழுதித் தரும் சாதாரணக் கடிதம் இதற்குப் போதாது.

அடுத்தது டிரான்ஸ்கிரிப்ட். என் அனுபவத்தில் அதிகம் இழுப்பது இதுதான். கல்லூரி தந்த பருவவாரியான மதிப்பெண் பட்டியல்களும் டிரான்ஸ்கிரிப்ட்டும் ஒன்றல்ல. எல்லாப் பருவங்களின் பாடங்கள், கிரெடிட், கிரேடு ஆகியவற்றை ஒரே ஆவணமாகத் தொகுத்துப் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் முத்திரையிட்டுத் தருவது இது. இணைப்புக் கல்லூரியில் படித்தவர்களுக்கு இதில் இரண்டு அலுவலகங்கள் குறுக்கிடும்: கல்லூரி சரிபார்க்க வேண்டியது ஒரு பங்கு, பல்கலைக்கழகம் வழங்க வேண்டியது மறுபங்கு. அரியர் எழுதித் தேறியவர் என்றால் அந்தந்தத் தேர்வுக்கான தனிப் பட்டியலையும் சேர்த்துத் தர வேண்டியிருக்கும். அதில் ஒன்று தொலைந்திருந்தால் நகல் வாங்குவதே தனி வேலை. கோடை விடுமுறையும் புதிய மாணவர் சேர்க்கையும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், ஜூனில் விண்ணப்பித்து ஆகஸ்ட் முடிவுக்குள் கையில் வாங்குவது என்று கணக்கு வையுங்கள். ஒரு பிரதிக்குப் பதில் மூன்று கேளுங்கள். வந்த பிறகு பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள்: எந்தக் கிரேடுக்கு எத்தனை புள்ளி என்ற விளக்கம் பெரும்பாலும் அங்கேதான் அச்சாகியிருக்கும், அது இல்லாமல் உங்கள் மதிப்பெண்ணை அங்குள்ள தேர்வுக் குழுவால் எடைபோட முடியாது. இத்துடன், பட்டமளிப்பு விழாவுக்குப் போகாமல் பட்டச் சான்றிதழைக் கல்லூரி அலுவலகத்திலேயே விட்டுவைத்திருந்தால் அதையும் இந்தப் பயணத்திலேயே வாங்கிவிடுங்கள். தற்காலிகச் சான்றிதழை வைத்து விண்ணப்பிக்க முடிந்தாலும், சான்றிதழை வெளிநாட்டில் ஏற்பதற்காக அரசு பின்னர் இடும் அப்போஸ்டில் முத்திரைக்கு அசல் பட்டம் வேண்டும்.

பரிந்துரைக் கடிதங்கள் பெரும்பாலான படிப்புகளுக்கு இரண்டு. பல கூட்டமைப்புகள் கடிதத்தை உங்களிடம் கேட்பதில்லை. பேராசிரியரின் மின்னஞ்சலுக்கு நேரடியாக ஓர் இணைப்பை அனுப்பி, அவரே பதிவேற்றும்படி செய்கின்றன. அந்த மின்னஞ்சல் கல்லூரியின் அதிகாரபூர்வ முகவரியாக இருப்பது நல்லது. நம் பேராசிரியர்கள் பலர் சொந்த ஜிமெயிலையே பயன்படுத்துவதால் இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நீங்கள் படித்து முடித்து மூன்று ஆண்டுகள் ஆகப்போகின்றன. உங்கள் புராஜெக்ட் வழிகாட்டி வேறு கல்லூரிக்கு மாறியிருக்கலாம். நவம்பர், டிசம்பரில் பருவத் தேர்வும் விடைத்தாள் திருத்தும் முகாமும் சேர்ந்துவரும். ஜனவரி நடுவில் பொங்கல். கடைசித் தேதியும் அதே வாரத்தில் விழுந்தால், பேராசிரியர் ஊரில் இருப்பார், இணைப்பு ஸ்பாம் பெட்டியில் இருக்கும். ஆகஸ்டில் நேரில் பார்த்துச் சம்மதம் பெறுங்கள். உங்கள் புராஜெக்ட் சுருக்கத்தையும் மதிப்பெண்களையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அக்டோபரில் தளம் திறந்ததும் இணைப்பை அனுப்பி, அவர் பார்த்துவிட்டாரா என்று அதே வாரத்தில் தொலைபேசியில் கேளுங்கள். அலுவலக மேலாளரையும் மூன்றாவது ஆளாகக் கேட்டு வைத்துக்கொள்ளலாம், படிப்பு அதை ஏற்கும் என்றால்.

மற்றவை எளிதானவை. ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் இரண்டு ஆண்டுகள் செல்லும். கணினித் தேர்வின் முடிவு சில நாட்களில் வந்துவிடும் என்பதால் செப்டம்பரில் எழுதினால் போதும், எதிர்பார்த்த மதிப்பெண் வராவிட்டாலும் நவம்பரில் மறுபடி எழுத இடமிருக்கும். வசிப்பிடச் சான்று கேட்கும் படிப்பு என்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். அதற்கும் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று கோப்பு நகர வேண்டியிருப்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

முடிவுகள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் வரும். தேர்வானால் இரண்டாவது சுற்று ஓட்டம் அப்போது தொடங்குகிறது. ஸ்பெயின் பல்கலைக்கழகங்கள் பட்டச் சான்றிதழில் அப்போஸ்டில் கேட்பது வழக்கம். கல்விச் சான்றிதழ் என்பதால் முதலில் மாநில அரசின் சான்றொப்பம், அதன் பின்னரே மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் என இரண்டு படிகள். விசாவுக்குப் போலீஸ் நற்சான்றும் மருத்துவச் சான்றும் வேண்டும். நற்சான்றுக்கும் அப்போஸ்டிலும் ஸ்பானிய மொழிபெயர்ப்பும் தேவைப்படும். இதை மட்டும் முன்கூட்டியே எடுத்து வைக்காதீர்கள்: பழைய தேதியிட்ட நற்சான்றை ஏற்க மாட்டார்கள், எடுத்த பணமும் நேரமும் வீண். ஏப்ரலில் பட்டத்தை அப்போஸ்டிலுக்கு அனுப்பிவிட்டு, மே மாதத்தில் நற்சான்றுக்கு விண்ணப்பித்து, ஜூனில் விசா மையத்தில் நேரம் வாங்குவது சரியான வரிசை.

இனி பணம். எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகையில் கல்விக் கட்டணமும் காப்பீடும் கூட்டமைப்பின் பொறுப்பு. உங்களுக்கு மாதம் 1,400 யூரோ வரும். விமானக் கட்டணம், விசா, வாடகை, சாப்பாடு எல்லாம் அந்த 1,400-க்குள்தான். ஆனால் முதல் மாதத் தொகை, நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்து, பதிவு செய்து, வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகுதான் வரும். ‘முழு உதவித்தொகை’ என்றாலும் முன்பணம் உங்களுடையது என்பதை வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஜனவரி வரையிலான செலவில் பெரியது ஐ.இ.எல்.டி.எஸ்., ஏறக்குறைய 18,000 ரூபாய். பாஸ்போர்ட், டிரான்ஸ்கிரிப்ட், கூரியர், ஊருக்கும் சென்னைக்கும் போய்வருவது எல்லாம் சேர்த்து 30,000-க்குள் முடிக்கலாம். அப்போஸ்டில், மொழிபெயர்ப்பு, விசா, மருத்துவச் சான்று ஆகியவற்றுக்கு இன்னொரு 30,000 வையுங்கள். ஆக, இருக்கும் 60,000 முழுவதும் காகிதங்களுக்கே போய்விடும். அதைச் சேமிப்புக் கணக்கிலேயே விடுங்கள், பங்குச் சந்தைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். மாதம் 9,000 ரூபாயை ஏப்ரல் முதல் வங்கி ஆர்.டி.யில் போட்டால் 2027 ஜூலைக்குள் 16 தவணைகளில் 1,44,000 ரூபாயும் வட்டியும் சேரும். விமானச் சீட்டுக்கு 50,000 ரூபாய், அறைக்கான முன்பணமும் முதல் மாத வாடகையும் சாப்பாடுமாக 1,000 யூரோ. ஒரு யூரோவை 100 ரூபாய் என்று கொண்டால் மொத்தம் ஒன்றரை லட்சம், ஆர்.டி. அதை ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். உதவித்தொகை இரண்டு வாரம் தாமதமானால் சமாளிக்க இன்னும் 50,000 வேண்டும். அதற்குக் கல்விக் கடன் தேவையில்லை, ஜூலையில் வங்கியில் ஒரு சிறிய நகைக்கடன் போதும். விசாவுக்குப் பல லட்சத்தை வங்கியில் காட்ட வேண்டுமே என்ற கவலையும் வேண்டாம்; உதவித்தொகை வழங்கும் கடிதமே பொதுவாக நிதி ஆதாரமாகக் கொள்ளப்படும். இதற்காக உறவினரிடம் வட்டிக்கு வாங்கிக் கணக்கில் போடச் சொல்லும் ஏஜென்ட்டை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

முடிவு மூன்று விதமாக வரலாம். உதவித்தொகையுடன் இடம், காத்திருப்புப் பட்டியல், சொந்தச் செலவில் சேர அனுமதி. மூன்றாவதும் வாழ்த்துச் சொல்லும் கடிதமாகவே வரும் என்பதால் பலர் ஏமாறுகிறார்கள். அதில் கட்டணம் பல லட்சம் ரூபாய், உங்கள் சம்பளத்துக்கு அது வேண்டாம். காத்திருப்புப் பட்டியலில் இருந்தால், முன்னால் இருப்பவர்கள் விலகும்போது ஜூன் வரைகூட அழைப்பு வரக்கூடும். அப்போது விசாவுக்கு நேரம் குறைவாக இருக்கும் என்பதால் பட்டத்தின் அப்போஸ்டிலை மட்டும் ஏப்ரலிலேயே முடித்து வைத்திருங்கள். வேலையை ராஜினாமா செய்வதை, மாதத் தொகை எழுதப்பட்ட மாணவர் ஒப்பந்தத்தில் இருதரப்பும் கையெழுத்திட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிறுவனத்தில் நோட்டீஸ் காலம் இரண்டு மாதம் என்றால், அந்தக் கையெழுத்தை ஜூன் இறுதிக்குள் கேட்டு வாங்க வேண்டும்.