15 ஆண்டு லேத் அனுபவத்துக்குப் பிறகு சிஎன்சி: வகுப்பறையா, இயந்திரத்தடியா?

கேள்வி: எங்கள் பட்டறையில் 12 பேர் சாதாரண லேத்தில் 15 ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர்கள். ஆறு வாரத்தில், கணினி நிரலால் இயங்கும் சிஎன்சி லேத் நான்கு வரப்போகின்றன. எல்லோரையும் ஐந்து நாள் வெளிப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்கிறார் மேலாளர். வேலையிலேயே கற்றுக்கொள்வார்கள் என்கிறார் ஃபோர்மேன். எது சரி?

பதில்:

மேலாளர் சொல்வதை நான் ஒருமுறை அப்படியே செய்து பார்த்திருக்கிறேன். அப்போது பயிற்சிப் பிரிவில் இருந்தேன். ஒன்பது பேரை ஐந்து நாள் வகுப்புக்கு அனுப்பினோம். இயந்திரங்கள் வந்து சேர ஏழு வாரம் ஆகிவிட்டது. முதல் வாரத்திலேயே, வகுப்பில் நன்றாகப் பதில் சொன்ன ஒருவர், டூலை 50 மி.மீ. விட்டத்துக்கு விரைவாக நகர்த்தும் `G00 X50.` என்ற கட்டளையை அடிக்க வேண்டிய இடத்தில் புள்ளியை விட்டுவிட்டார். எங்கள் இயந்திரத்தின் அமைப்பில் புள்ளியில்லாத 50 என்றால் 50 மைக்ரான். டூல் முழு வேகத்தில் மையத்தை நோக்கிப் பாய்ந்து, சுழன்றுகொண்டிருந்த ஜாபில் மோதியது. புள்ளியைப் பற்றி வகுப்பில் சொல்லித்தான் இருந்தார்கள். ஏழு வாரம் தொடாத விஷயம் கையில் நிற்கவில்லை.

ஃபோர்மேன் சொல்வதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. வேலையிலேயே கற்க வேண்டுமென்றால், அந்த வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். உங்கள் பட்டறையில் இன்று அப்படி யாரும் இல்லையென்றே நினைக்கிறேன். இயந்திரம் விற்பவரின் ஆள் இரண்டு நாள் வந்து விறுவிறுவென்று பொத்தான்களை அழுத்திக் காட்டிவிட்டுப் போவார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கற்றதாக எண்ணிக்கொள்வார்கள்.

ஆகவே ஆட்களுக்கு எந்த முறை என்று கேட்பதை விட்டு, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் எந்த முறை என்று கேளுங்கள். அதற்கு முன், இந்த 12 பேரிடம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெட்டும் சத்தத்தை வைத்தே டூல் மழுங்கியதைச் சொல்வார்கள். சுருளின் நிறம், மைக்ரோமீட்டர், ஜாபைப் பிடிக்கும் இறுக்கம் எதையும் நீங்கள் கற்றுத்தர வேண்டியதில்லை. வெளி வகுப்புகள் பெரும்பாலும் புதியவர்களுக்கானவை என்பதால் பாதி நேரம் இவற்றிலேயே போய்விடும். 20 ஆண்டு கைப்பழக்கம் உள்ளவரை வெர்னியர் படிக்கச் சொல்லி உட்காரவைத்தால் அவர் மனம் அங்கேயே மூடிக்கொள்ளும்.

இவர்களுக்கு உண்மையான இடையூறு அறியாமை அல்ல, பழைய பழக்கம். ஓர் உதாரணம். விட்டம் 40.00 வர வேண்டிய ஜாப் 40.05 வந்திருக்கிறது. பல சாதாரண லேத்களில் டயல் வெட்டின் ஆழத்தைக் காட்டும். அதனால் உங்கள் ஆள் பழக்கத்தில் 0.05-ஐப் பாதியாக்கி 0.025 நகர்த்துவார். சிஎன்சியில் X வழக்கமாக விட்டக் கணக்கு. டூல் தேய்வதை ஈடுகட்ட இயந்திரத்தில் பதியும் திருத்த எண்ணான தேய்மான ஆஃப்செட்டில் முழு 0.05-ஐக் கழிக்க வேண்டும். அடுத்த பொறி இரண்டு பொத்தான்களில் இருக்கிறது. பல இயந்திரங்களில் `INPUT`, `+INPUT` என்று அருகருகே இருக்கும். ஏற்கெனவே அங்கே -0.12 இருந்தால், -0.05 அடித்து `+INPUT` அழுத்தும்போது அது -0.17 ஆகும், அடுத்த ஜாப் 40.00 வரும். `INPUT` அழுத்தினால் பழைய எண் அழிந்து வெறும் -0.05 நிற்கும், ஜாப் 40.12 ஆகிவிடும். குறைக்கப் போனவர் கூட்டிவிட்டுத் திகைத்து நிற்பார். இதைக் கரும்பலகையில் புரியவைக்கலாம். ஆனால் கை பழகுவது இயந்திரத்தில்தான், அதுவும் தப்பு செய்தாலும் சேதம் இல்லாத இயந்திரத்தில்.

அதனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால், நான்கில் ஒன்றை மூன்று வாரத்துக்கு உற்பத்தியிலிருந்து ஒதுக்கிவிடுவேன். உண்மையான இயந்திரம், உண்மையான நிரல். ஆனால் வெட்டுவது நைலான் தண்டு, எண்ணிக்கை கேட்பவர் யாரும் இல்லை. இப்படி உற்பத்தியிலிருந்து விலக்கிய மாதிரிப் பணிக்கூடமும் பணிக்கு வெளியே நடக்கும் பயிற்சியில்தான் சேரும். வகுப்பறை மட்டும்தான் அந்த வகை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். வாரத்துக்கு நான்கு பேர், இரண்டு ஜோடி. ஒரு ஜோடி முற்பகல் நான்கு மணி நேரம், மற்றது பிற்பகல். மீதி நேரம் தங்கள் பழைய லேத்தில் இருப்பார்கள், உற்பத்தி முழுவதும் நிற்காது. தினமும் தொடக்கத்தில் அரை மணி நேரம் மட்டும் பலகை முன்னால்: ஆயங்கள், ஆஃப்செட், நிரலின் ஒரு பகுதி. உடனே அதை இயந்திரத்தில் செய்ய வேண்டும்.

வெளிப் பயிற்சிக்கு இருவரை மட்டும் அனுப்புங்கள். இயந்திரம் வருவதற்கு முந்தைய வாரம் போய், வந்ததும் நேரே அதன் முன் நிற்க வேண்டும். அவர்கள்தான் உங்கள் பயிற்றுநர்கள். வேகமானவரைவிட, கேட்டதையே மறுபடி கேட்டாலும் முகம் சுளிக்காதவரைத் தேர்ந்தெடுங்கள்.

நான்காவது வாரம் முதல் பணியிடப் பயிற்சி. இதற்கு நான் நம்புவது, 1940-களில் அமெரிக்காவின் போர்க்காலத் தொழிற்சாலைகளில் பரவிய நான்கு படி முறை. கற்பவரைத் தயார்ப்படுத்துவது, செய்து காட்டுவது, அவரையே செய்ய வைப்பது, பின்தொடர்ந்து கவனிப்பது. மூன்றாம் படியில்தான் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். கற்பவர் தடுமாறியதும் பயிற்றுநரின் கை பொத்தானுக்குப் போய்விடும். என் பயிற்றுநர்களிடம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்வேன். ஆபத்து என்றால் மட்டும் அவசர நிறுத்தம். கற்பவர் ஒவ்வொரு படியையும் ஏன் செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். புதிய ஜாபின் முதல் துண்டு எப்போதும் நிரலை ஒவ்வொரு வரியாக நிறுத்தி ஓட்டும் ஒற்றை வரி ஓட்டத்தில், விரைவு நகர்வை 25 சதவீதமாகக் குறைத்துத்தான் ஓட வேண்டும்.

கற்றாரா என்பதை எழுத்துத் தேர்வு சொல்லாது. ஒரு ஜாபை வேண்டுமென்றே அளவு மாற்றி வெட்டிக் கொடுத்து, சரிசெய்யச் சொல்லுங்கள். அடுத்த துண்டு அளவுக்குள் வந்தால் தேர்ச்சி. அதன்பின் 30 நாள், ஆஃப்செட் மாற்ற யார் யாரை எத்தனை முறை அழைத்தார்கள் என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். ஒருவருக்கு அந்த எண்ணிக்கை குறையவே இல்லையென்றால், அவரை மறுபடி வகுப்பில் உட்காரவைக்காமல் நைலான் தண்டோடு இரண்டு நாள் விடுங்கள். இதற்காகவே, மூன்று வாரம் முடிந்த பிறகும் அந்த ஒதுக்கிய இயந்திரத்தில் வாரம் ஒரு முற்பகலாவது பயிற்சிக்கு என்று மேலாளரிடம் இப்போதே கேட்டு வாங்கிவையுங்கள். உற்பத்தி சூடுபிடித்த பிறகு அந்த நேரம் கிடைக்காது.

இந்த 12 பேரும் லேத்தையே தொடாத புதியவர்களாக இருந்திருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்: முதல் மாதம் சாதாரண லேத்தில், மூத்தவர் பக்கத்தில்.