90 நாள் கெடுவுக்குள் ஈசாப் பங்குகளை வாங்கலாமா?

கேள்வி: புதிதாகத் தொடங்கிய ஒரு நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் இரவு பகலாக உழைத்தேன். "கம்பெனி வளர்ந்தால் உங்கள் வாழ்க்கையே மாறிவிடும்" என்று சொன்ன நிறுவனரே இப்போது என்னை ராஜினாமா செய்ய வைத்துவிட்டார். ஊழியர்களுக்கு முன்பே நிர்ணயித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை தரும் ஈசாப் திட்டத்தில், வெஸ்ட் ஆன, அதாவது பயன்படுத்தும் தகுதி வந்துவிட்ட 5,000 ஆப்ஷன்கள் என் பெயரில் உள்ளன. ஒரு பங்குக்கு நான் கட்ட வேண்டியது 20. இன்றைய மதிப்பு 520 என்கிறார்கள். 90 நாளுக்குள் எடுக்காவிட்டால் எல்லாம் போய்விடுமாம். கடன் வாங்கியாவது எடுத்துவிடவா, ஏமாற்றினார்கள் என்று வழக்குப் போடவா?

பதில்: வழக்கை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நிறுவனர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி நீதிமன்றம் போனால் முடிவு வர ஆண்டுகள் ஆகும். அதற்குள் 90 நாள் கடந்துவிடும். உங்கள் உரிமையைத் தீர்மானிப்பவை ஈசாப் திட்ட ஆவணமும் ஒதுக்கீட்டுக் கடிதமும்தான். அவற்றில் கெடு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதை முதலில் பாருங்கள். சில திட்டங்களில் அது பணி முடியும் நாள். சிலவற்றில் ராஜினாமா கடிதம் கொடுத்த நாள். நோட்டீஸ் காலம் இருந்தால் இந்த வேறுபாட்டிலேயே ஒன்றிரண்டு மாதங்கள் போய்விடலாம்.

உங்கள் கேள்வியில் இல்லாத செலவு வரி. பல நாடுகளில், நீங்கள் கட்டும் விலைக்கும் அன்றைய மதிப்புக்கும் உள்ள வித்தியாசம், ஒரு பங்கைக்கூட விற்காத நிலையிலும், சம்பள வருமானமாகவே கணக்கிடப்படுகிறது. பங்குக்கு 500 வீதம் 5,000 பங்குகளுக்கு அது 25 லட்சம். வரி 30 சதவீதம் என்று வைத்தால் 7.5 லட்சம், பங்கு விலை வெறும் 1 லட்சம். வரியைப் பிடித்துக் கட்டும் கடமை நிறுவனத்துக்கு இருக்கும் இடங்களில், கழிக்க உங்களுக்குச் சம்பளம் இல்லாததால், 8.5 லட்சத்தையும் முன்கூட்டியே கேட்பார்கள். சில நாடுகள் புதிய நிறுவன ஊழியர்களுக்கு வரியை ஒத்திவைக்கின்றன. ஆனால் இந்தியா 2020இல் கொண்டுவந்த சலுகையைப் போல, அது வேலையை விட்டு விலகியதும் முடிந்துவிடலாம்.

நான் அதிகம் பார்த்த இழப்பு இதற்குப் பிறகுதான் வருகிறது. என்னிடம் வந்த ஒருவர் உங்களைப் போலவே கடன் வாங்கிப் பங்கெடுத்து, வரியையும் கட்டினார். இரண்டு ஆண்டு கழித்து நிறுவனம் விற்கப்பட்டபோது அவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. காரணம், முதலீட்டாளர்களின் முன்னுரிமைப் பங்குகள். அவர்கள் 40 கோடி போட்டிருக்க, நிறுவனம் 30 கோடிக்கு விலைபோனால், போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கும்பட்சத்தில், 30 கோடியும் அவர்களுக்கே போகும். உங்களுக்குக் கிடைப்பதோ சாதாரணப் பங்கு. கட்டிய வரி அன்றைய மதிப்பின் மீது விதிக்கப்பட்டது என்பதால், பின்னால் மதிப்பு பூஜ்யமானாலும் பொதுவாகத் திரும்ப வராது. நஷ்டம் மூலதன நஷ்டமாகக் கருதப்படுவதால் சம்பள வருமானத்தில் அதை முழுவதுமாகக் கழிக்கவும் பெரும்பாலும் முடியாது. கடனுக்கான தவணை மட்டும் மாதந்தோறும் வந்துகொண்டிருக்கும்.

நடுவில் விற்று வெளியேறலாம் என்றும் எண்ண வேண்டாம். பட்டியலிடப்படாத நிறுவனத்தில் பங்கை மாற்றிக் கொடுக்க இயக்குநர் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்றும், வெளியாருக்கு விற்கும் முன் நிறுவனத்துக்கோ முதலீட்டாளர்களுக்கோ வாங்க வாய்ப்புத் தர வேண்டும் என்றும் நிறுவனத்தின் அமைப்பு விதிகளில் எழுதியிருப்பது வழக்கம். ஆள் கிடைத்தாலும் பங்கு கைமாறாமல் நின்றுபோவதை நான் பார்த்திருக்கிறேன். 520 என்பது கடைசியாக முதலீட்டாளர்கள் முன்னுரிமைப் பங்குக்குக் கொடுத்த விலையா, வரிக்காகச் செய்த சாதாரணப் பங்கின் மதிப்பீடா என்றும் எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது குறைவாக இருந்தால் உங்கள் வரியும் குறையும்.

எனவே கடன் வாங்காதீர்கள், சமரசம் பேசுங்கள். நிறுவனம் உங்களிடம் இன்னும் ஒரு கையெழுத்தை எதிர்பார்க்கிறது: இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்ற பணிவிலகல் ஒப்பந்தத்தில் நீங்கள் போட வேண்டியது. உங்கள் பேரம் அதில்தான் இருக்கிறது. கெடுவை 90 நாளிலிருந்து சில ஆண்டுகளுக்கு நீட்டிக்கக் கேளுங்கள். பங்குகளை விற்க வழி வரும்வரை ஆப்ஷனாகவே வைத்திருந்தால் வரிக்குக் கைப்பணம் தேவைப்படாது. நீட்டிப்பு இயக்குநர் குழுத் தீர்மானமாகவும், திட்டம் அதை அனுமதிக்கிறது என்பதை உறுதிசெய்யும் கடிதமாகவும் வர வேண்டும். மனிதவளத் துறையின் மின்னஞ்சல் மட்டும் போதாது. மறுத்தால், ஆப்ஷன்களை ஒரு தொகைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சுமாரான தொகையே ஆனாலும், அது கையில் வருகிற பணம்.

இரண்டும் நடக்காவிட்டால், முழுவதும் இழந்தாலும் குடும்பம் பாதிக்காத அளவுக்கு உங்கள் சொந்தச் சேமிப்பைக் கொண்டு ஆப்ஷன்களில் ஒரு பகுதியை மட்டும் எடுக்கலாம். 1,000 ஆப்ஷன்கள் என்றால், இதே கணக்கில் 1.7 லட்சம் தேவைப்படும். எதுவானாலும் நீட்டிப்புக் கடிதம் கைக்கு வரும் முன் பணிவிலகல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.