புரண்டாலே ஒலிக்கும் அழுத்த விரிப்பு

“அம்மாவின் படுக்கையில், உடல் எடை விலகினால் மணி அடிக்கும் அழுத்த விரிப்பைப் போட்டிருக்கிறோம். அவர் புரண்டு படுத்தாலே மணி அடிக்கிறது, எடை விலகியபின் மணி அடிப்பதற்கான தாமதத்தை 30 வினாடியாக்கினால், அவர் கழிப்பறைக்குப் போன பிறகுதான் பணிப்பெண் எழுகிறார்.”

தாமதத்தை 2 வினாடிக்குக் குறைத்து, விரிப்பை இடுப்புக்கு நேர்கீழே நகர்த்துங்கள்.

பெரும்பாலும் அது தோள்பட்டைக்குக் கீழே இருக்கும். புரளும்போது தோளின் எடை விலகிவிடும், ஆனால் இடுப்பின் எடை அவ்வளவு எளிதில் விலகாது.

பகலில் நீங்கள் அருகில் நின்றுகொண்டு, அம்மாவை இரு பக்கமும் புரளச் சொல்லுங்கள், ஒலிக்கக்கூடாது. பிறகு கட்டில் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்காரும்போது, அவர் எழுந்து நிற்பதற்கு முன்பே ஒலிக்க வேண்டும்.

மெல்லிய ஓசை ஒலிக்க வேண்டியது பணிப்பெண்ணின் தலைமாட்டில்தான், அம்மாவின் அறையில் அன்று. வீவக அடுக்குமாடி வீட்டின் கான்கிரீட் சுவர் சமிக்ஞையைக் குறைக்கக்கூடும் என்பதால், கதவை மூடி, மின்விசிறியை ஓடவிட்டுச் சோதியுங்கள். அம்மா சட்டென்று எழுபவர் என்றால், 2 வினாடியும் தாமதமே. விரிப்பு தகவல் சொல்லுமே தவிர விழுவதைத் தடுக்காது.