வுட்ஸ்டாக்கின் உச்சம் ஹெண்ட்ரிக்ஸ்தானா?

கேள்வி: வுட்ஸ்டாக் என்றாலே கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதம் வாசித்ததைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அங்கே போனவர்களுக்கும் அதுதான் உச்சமா, இல்லை படம் வந்த பிறகு அப்படி ஆனதா?

பதில்:

அங்கே போனவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்கவே இல்லை. 1969 ஆகஸ்ட் 15 முதல் 17 வரை மூன்று நாள் என்று அமெரிக்காவில் திட்டமிட்ட ராக் இசை விழா அது. மழையாலும் தாமதத்தாலும் இழுத்துக்கொண்டே போய், ஹெண்ட்ரிக்ஸ் மேடையேறியபோது 18ஆம் தேதி திங்கட்கிழமை காலை ஆகிவிட்டது. சுமார் 4 லட்சம் பேர் கூடிய பண்ணை நிலத்தில் அதற்குள் பெரும்பகுதி காலி. வேலைக்குப் போக வேண்டியவர்கள், நனைந்து பசித்துக் களைத்தவர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். ஓராண்டுக்கு முன்பிருந்தே மேடைகளில் அவர் அந்தக் கீதத்தை வாசித்துவந்தார் என்பதால், அவருக்கும் அது புதிதில்லை.

1970 மார்ச்சில் விழாவைப் பற்றிய மைக்கேல் வாட்லியின் ஆவணப்படம் வந்த பிறகுதான் அது உலகத்துக்கே உச்சமானது. வெள்ளைத் தோல் குஞ்சங்கள் தொங்கும் சட்டை, தலையில் சிவப்புத் துணி, வெள்ளை கிட்டார். கேமரா அவர் விரல்களை விட்டு விலகுவதே இல்லை. இவ்வளவு நெருக்கத்தில் பார்க்கும்போது எதிரே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்ற எண்ணமே வராது. ஆனால் இதற்காகப் படத்தைக் குறை சொல்ல மாட்டேன். கீதம் முடிந்து இன்னொரு பாட்டும் முடிந்து மெல்லிய வாத்திய இசை வரும்போது, சேறும் குப்பையுமாகக் கிடக்கும் காலி மைதானத்தைப் படம் நிதானமாகவே காட்டுகிறது. தொலைக்காட்சிகள் கீதத்தை மட்டும் வெட்டியெடுத்துத் திரும்பத் திரும்பப் போட்டதில்தான் காலி மைதானம் நினைவிலிருந்து கழன்றது.

படம் உண்மையிலேயே மாற்றியது வரிசையை. ஜோ காக்கர் பாடியது ஞாயிறு பிற்பகல், சாண்டானா வாசித்தது சனி பிற்பகல். படத்தில் காக்கர் முதல் பாதியில் வருகிறார், சாண்டானா வெகுநேரம் கழித்து. ஹெண்ட்ரிக்ஸுக்குச் சற்று முன்னால், திங்கள் காலையில் பாடிய ஷா நா நா குழுவும் முதல் பாதிக்குப் போய்விட்டது. பெயரே தெரியாத குழுவாக வந்த அவர்களுக்கு நாடறிந்த பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தச் சில நிமிடங்கள்தான்.

இதற்கு நேரெதிர் கதை கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல். விழாவுக்கு முதலில் ஒப்பந்தமான பெரிய குழு அதுதான். மற்ற குழுக்கள் நம்பி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அவர்கள் மேடையேறியபோது சனிக்கிழமை நள்ளிரவு தாண்டிவிட்டது, கூட்டத்தில் பலர் தூக்கத்தில். வாசித்தது தங்கள் தரத்துக்கு இல்லை என்று குழுவின் தலைவர் ஜான் ஃபோகர்ட்டி படத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை. விளைவு, அவர்கள் அங்கே வாசித்ததே தெரியாத தலைமுறைகள் உண்டு. அந்த ஒலிப்பதிவு 2019இல் தனி ஆல்பமாக வந்தது. கேட்டுப் பாருங்கள், அத்தனை துடிப்பான வாசிப்பு. தன் குழு மேல் ஃபோகர்ட்டிக்கு இருந்த கண்டிப்பே அவர்களை வரலாற்றிலிருந்து மறைத்துவிட்டது என்பது என் எண்ணம்.

யார் படத்தில் வந்தார்கள் என்பதில் ஃபிலிமுக்கும் பங்கு உண்டு. 16 எம்எம் கேமராவில் 400 அடி ரீல் 11 நிமிடம்தான் ஓடும். பிறகு மாற்ற வேண்டும், அந்த இடைவெளியில் அந்தக் கேமராவுக்குக் கண் இல்லை. கேமராக்கள் முன்பின்னாக ரீல் மாற்றினால் சமாளிக்கலாம். எல்லாம் ஒரே நேரத்தில் தீர்ந்துபோனால் ஒலி மட்டும் மிஞ்சும். நாலைந்து நிமிடப் பாட்டு முழுசாகச் சிக்கிவிடும். கிரேட்ஃபுல் டெட் குழுவினர் அன்று ஒரே பாட்டை அரை மணி நேரத்துக்கும் மேல் வாசித்தார்கள். அதை விடாமல் பிடிக்க ஒரு கேமராவுக்கு நாலு ரீல் வேண்டும். போதாததற்கு ஈர மேடையில் மின்சாரம் கையில் அடித்து, அவர்களுக்கே அந்த நிகழ்ச்சி பிடிக்காமல் போயிற்று. 1970 படத்தில் அவர்கள் வாசிப்பே இல்லை.

இசைத்தட்டை வைத்தும் படத்தைச் சரிபார்க்க முடியாது. முதலில் வந்த வுட்ஸ்டாக் தொகுப்பில் கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ், யங் குழுவின் ‘சீ ஆஃப் மேட்னஸ்’ இருக்கிறது. அது பதிவானது அடுத்த மாதம், நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில்.

நடந்ததை நடந்த வரிசையில் அறிய விரும்பினால், 2019இல் வந்த 38 குறுந்தட்டுத் தொகுப்பைத் தேடுங்கள். மேடை அறிவிப்புகள் உட்பட ஏறத்தாழ முழு விழாவும் அதில் உண்டு. முழுதும் கேட்க நேரமில்லாவிட்டால் சனி இரவிலிருந்து ஞாயிறு விடியல் வரை மட்டும் கேளுங்கள். கிரேட்ஃபுல் டெட், கிரீடன்ஸ், ஜானிஸ் ஜாப்ளின் மூவரும் அடுத்தடுத்து மேடையேறிய இரவு அது. முதலில் திரைக்கு வந்த படத்தில் மூவரில் ஒருவருடைய பாட்டுகூட இல்லை.