ஊசி கையில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்த நாள்

கேள்வி: 25 வருஷமாக சுத்த சைவம். எந்நேரமும் அசதி, கைவிரல் மரத்து ஊசி குத்துவது போல இருக்கிறது, நாக்கு வழவழப்பாகி காரம் பட்டால் எரிகிறது. சத்து மாத்திரை போட்டால் போதுமா?

எந்தச் சத்து மாத்திரை என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எனக்குக் குறைந்திருந்தது பி12 என்ற வைட்டமின்; தப்பானதைப் போட்டு நாலு மாசம் கோட்டை விட்டவள் நான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் டாக்டர் இல்லை. பெரம்பூரில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். சைவத்தைக் குறை சொல்லவும் வரவில்லை. எங்கள் வீடு வள்ளலார் வழி; மாமனார் காலத்திலிருந்து முட்டைகூட வாசற்படி தாண்டியதில்லை, இன்றும் அப்படித்தான். "ஒரு முட்டை சாப்பிட்டா சரியாப் போயிடும்" என்று கீழே எழுத வருகிறவர்கள், முழுக்கப் படித்துவிட்டு எழுதுங்கள். உடம்பு உறிஞ்சிக்கொள்ளவில்லை என்றால் முட்டை தின்றாலும் பெரிதாகப் பலன் இருக்காது.

எனக்கு ஆரம்பித்தது ஒரு தீபாவளி சீசனில். ராத்திரி ஒரு மணி வரை மிஷினில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் அசதி வராது? அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தீபாவளி போய்க் கார்த்திகை வந்தும் அசதி போகவில்லை. மாடிக்குத் துணி காயப்போட ஏறினால் நடுப்படியில் உட்கார வேண்டியிருந்தது. பிறகு நாக்கு. வத்தக்குழம்பை வாயில் வைத்தால் தீ பட்ட மாதிரி எரியும். கண்ணாடியில் நீட்டிப் பார்த்தேன். நாக்கின் மேலே சொரசொரப்பாக இருக்குமே, அது ஓரத்தில் இருந்து காணாமல் போய், செக்கச்செவேல் என்று, எண்ணெய் தடவியது போல மினுங்கியது. மாமியார், "வயித்துச் சூடுடீ" என்று மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் போட்டுக் கொடுத்தார். இதமாக இருந்தது, அவ்வளவுதான். தெருமுனை மருந்துக்கடைத் தம்பி வாய்க்குத் தடவ ஒரு ஜெல்லும் பத்து நாளைக்கு ஏதோ கேப்ஸ்யூலும் கொடுத்தான். அதுவும் போயிற்று.

விரல் பிரச்சினை கடைசியாக வந்தது. ஹெம்மிங் போட்டுக்கொண்டே டிவி பார்ப்பது என் பழக்கம். 28 வருஷமாகக் கை தானாக ஓடும். அன்றைக்குப் பார்த்தால் நூல் மட்டும் தொங்குகிறது, ஊசி மடியில் கிடக்கிறது. விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை. அதற்குப் பிறகு ஊசி விரலிடுக்கில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 8.4. டாக்டர் அந்த ஒரு வரியைப் பார்த்தார், இரும்பும் ஃபோலிக் ஆசிடும் சேர்ந்த மாத்திரை எழுதினார், விரல் மரப்புக்கு "கழுத்து எலும்பு தேய்மானம், குனிஞ்சே இருக்கீங்க இல்ல" என்றார். நியாயமாகத்தான் பட்டது. இரண்டு மாசத்தில் ஹீமோகுளோபின் 10.6 ஆயிற்று. மூச்சு வாங்குவது குறைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் மரப்பு விரலிலிருந்து மணிக்கட்டுக்கு வந்துவிட்டது, பாதத்திலும் தொடங்கிவிட்டது. தலையைக் குனிந்தால் முதுகுத்தண்டு வழியாகக் கரன்ட் ஓடும். முகத்துக்கு சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். குழாயைப் பிடித்துக்கொண்டுதான் முகம் கழுவுவேன். ஒரு நாள் சாய்ந்ததில் பக்கெட் உருண்டதும்தான் என் வீட்டுக்காரர் பயந்துபோய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

அங்கே இருந்த டாக்டரம்மா மூன்று வேலை செய்தார். நாக்கை நீட்டச் சொன்னார். இரும்புக் கவை மாதிரி ஒன்றைத் தட்டி அதிரவிட்டு என் கால் பெருவிரலில் வைத்து, "அதிருதாம்மா?" என்றார். சத்தம் காதில் கேட்கிறது, விரலில் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் காலைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். நான் சாய, அவரே பிடித்துக்கொண்டார். பிறகு என் பழைய ரிப்போர்ட்டை வாங்கி, ஹீமோகுளோபினுக்குக் கீழே நாலைந்து வரி தள்ளி இருந்த ஒரு எண்ணைப் பேனாவால் சுழித்தார். எம்.சி.வி. என்று போட்டு 108. "முதல் நாளே இதுல எழுதி இருக்கும்மா" என்றார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். அந்த எண் ரத்தச் சிவப்பணுவின் பருமன். ஏறக்குறைய 80-லிருந்து 100 வரை இருக்கலாம். இரும்புச்சத்து இல்லை என்றால் அணு சிறுத்துப்போய் 80-க்குக் கீழே வரும். பி12 அல்லது ஃபோலிக் ஆசிட் இல்லை என்றால் அணு பெருத்து 100-ஐத் தாண்டும். எனக்கு 108. ஆனால் உங்களுக்கு 88, 90 என்று வந்தால் தப்பித்தோம் என்று இருந்துவிடாதீர்கள். இரும்பும் குறைந்து பி12-உம் குறைந்தால் ஒன்று இழுக்க ஒன்று தள்ள, எண் நடுவில் வந்து நிற்கும். ரத்தசோகையே இல்லாமல் நரம்பு மட்டும் கெடுவதும் உண்டாம். அதனால் பி12 அளவைத் தனியாகவே பார்க்க வேண்டும். எனக்கு 96 வந்தது; 200-க்குக் கீழே போனாலே குறைவு என்றார்.

இப்போது நான் போட்ட தப்பான மாத்திரைக்கு வருகிறேன். ரத்த அணு உருவாக பி12-உம் வேண்டும், ஃபோலிக் ஆசிடும் வேண்டும். ஃபோலிக் ஆசிடை அள்ளிக் கொடுத்தால் பி12 இல்லாமலே ரத்தம் கொஞ்ச நாளைக்கு ஒப்பேற்றிக்கொள்ளும். ரிப்போர்ட் அழகாகும். நரம்புக்கு அந்தச் சலுகை கிடையாது. நரம்பைச் சுற்றி இருக்கிற உறை கெடாமல் இருக்க பி12-தான் வேண்டும், அதற்கு மாற்றே இல்லை. ஆக, மேலே ஒட்டுப்போட்ட துணி புதிதாகத் தெரிய, உள்ளே தையல் பிரிந்துகொண்டே போயிருக்கிறது. இரும்பு மாத்திரையில் ஃபோலிக் ஆசிட் சேர்ந்தே வருவது வழக்கம். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அந்த மாத்திரை கெட்டது என்று நான் சொல்லவில்லை. கை மரத்துப்போகிற ஆளுக்கு பி12 பார்க்காமல் அதை மட்டும் கொடுத்ததுதான் வினை.

"பால் குடிக்கிறோமே, அதில் இருக்குமே" என்று நானும் கேட்டேன். இருக்கிறது. 100 மில்லி பாலில் சுமார் 0.4 மைக்ரோகிராம். ஒரு நாளைக்குத் தேவை 2-க்குக் கொஞ்சம் மேலே. நான் குடித்ததோ இரண்டு வேளை டீ, அதில் பால் மொத்தமே 100 மில்லி, மீதி தண்ணீர். சளி பிடிக்கிறது என்று தயிரை விட்டு ஆறு வருஷம். பி12 கல்லீரலில் சேமிப்பாகக் கிடக்குமாம், அதை வைத்து உடம்பு வருஷக்கணக்கில் ஓட்டும். அதனால்தான் தயிரை விட்ட உடனே ஒன்றும் ஆகவில்லை. இதற்கு மேலே, அஞ்சு வருஷமாகக் காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை. சாப்பாட்டிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும், நான் அதையும் அடக்கி வைத்திருந்தேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. நீங்கள் போடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்னொன்று, சைவம் என்றதும் அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. பி12-ஐ உறிஞ்ச வயிற்றில் ஒரு புரதம் சுரக்க வேண்டும். சிலருக்கு அது சுரப்பதே இல்லை. எனக்கு அதற்கும் சோதித்தார்கள், அந்தக் கோளாறு இல்லை என்று வந்தது.

வைத்தியம் ஊசிதான். மருந்தே சிவப்பாக, நன்னாரி சர்பத் நிறத்தில் இருக்கும். ஒரு ஊசிக்கு 1000 மைக்ரோகிராம். ஒன்று விட்டு ஒரு நாள் என்று இரண்டு வாரம், பிறகு வாரம் ஒன்று, இப்போது மாசம் ஒன்று. இது எனக்குச் சொன்ன கணக்கு, உங்களுக்கு வேறாக இருக்கலாம். மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இது ஈரல் ஊசி இல்லையே?" என்று கேட்டார். அவர் பயமும் சும்மா இல்லை. அந்தக் காலத்தில் இந்த நோய்க்கு ஈரல் சாறுதான் மருந்து. பி12-ஐத் தனியாகப் பிரித்தெடுத்தது 1948-இல். இப்போது பாக்டீரியாவை வளர்த்து அதிலிருந்து எடுக்கிறார்கள். ஆனால் கேப்ஸ்யூல் வாங்கினால் மேலுறை பெரும்பாலும் ஜெலட்டினாக இருக்கும், அது மாட்டு எலும்பு, தோல் சமாச்சாரம். நான் போட்ட பத்து நாள் கேப்ஸ்யூல் அப்படிப்பட்டதுதானா என்று மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்கு அது உறுத்தும் என்றால் மாத்திரையாகவே கேளுங்கள்.

முதல் வாரத்தில் பசி வந்தது. மூன்றாவது வாரத்தில் நாக்கில் எரிச்சல் போயிற்று. விரலால் தடவினால் மறுபடி சொரசொரத்தது. கை மட்டும் முதல் பத்து நாள் கூடுதலாகக் குத்தியது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தப் பார்த்தேன். டாக்டரம்மா, சிலருக்கு அப்படி ஆகும், விடாதே என்றார். கைவிரல் தெளிய ஆறு மாசம் ஆயிற்று. இடது கால் பெருவிரல் இன்றுவரை தெளியவில்லை. சீக்கிரம் ஆரம்பித்திருந்தால் அதுவும் வந்திருக்கும் என்றார்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: கடையில் எதையும் வாங்கிப் போடுவதற்கு முன்னால் ரத்தத்தைக் கொடுத்துவிடுங்கள். பி12 மாத்திரை நாலு நாள் போட்டுவிட்டுப் போனாலே எண் ஏறிக் காட்டும், குறைவு மறைந்துபோகும். ரத்தம் கொடுக்கவே இரண்டு வாரம் ஆகும் என்றால் காத்திருக்காதீர்கள், டாக்டரைப் பார்த்துச் சொல்லுங்கள். நடையில் தள்ளாட்டம் இருந்தால் இன்றைக்கே போங்கள். பழைய ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாமல் எடுத்துப் போங்கள்.

கேட்காததையும் சொல்லி முடிக்கிறேன். கை மரத்திருந்த அந்த நாலு மாசத்தில் ஒரு அம்மாவின் லைனிங் பிளவுஸ் மூன்றில் கொக்கி ஒரு நூல் ஏறி இறங்கிவிட்டது. தப்பு என்னுடையதுதான், பிரித்துத் தைத்தும் கொடுத்தேன். பட்டுப்புடவைக்கு அதையே போட்டுக்கொண்டு மூன்று கல்யாணத்துக்குப் போய் வந்தாகிவிட்டது, எதிரில் பார்த்தால் சிரிக்கவும் சிரிக்கிறார். கூலி 1,350 ரூபாய் மட்டும் இன்னும் வரவில்லை.