எரெக்‌ஷன் பாலிசி: கடிதத்தில் எந்தத் தொகை, எந்தத் தேதி?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள எங்கள் யூனிட்டுக்கு தைவானிலிருந்து 400 டன் பிரஸ் ஒன்று அக்டோபரில் வருகிறது. பர்ச்சேஸ் ஆர்டர் 2 கோடியே 40 லட்சம். எரெக்‌ஷன் ஆல் ரிஸ்க் பாலிசி, அதாவது மெஷினை இறக்கி நிறுவிச் சோதித்து முடிக்கும்வரை வரும் சேதத்துக்கான காப்பீடு, வேண்டும் என்கிறது பேங்க். "ஆர்டர் தொகையைப் போட்டு மூணு மாசம்னு எழுதிக் குடுங்க சார், டெஸ்டிங் அதுக்குள்ளயே வந்துடும்" என்கிறார் ஏஜென்ட். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அப்படியே கடிதம் எழுதிக் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ஏஜென்ட் சொன்ன மூன்றிலும் சிக்கல் இருக்கிறது. கடிதத்தில் கையெழுத்து உங்களுடையது என்பதால், பிறகு "ஏஜென்ட் சொன்னார்" என்ற வாதம் பெரிதாக எடுபடாது.

முதலில் தொகை. இந்தப் பாலிசியில் எழுத வேண்டியது ஆர்டர் தொகை அல்ல. வேலை முடிந்து மெஷின் நிற்கும்போது அதன் முழு மதிப்பு. உங்கள் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும் என்று வைத்துக்கொள்வோம்: ஆர்டர் 240 லட்சம், கப்பல் கட்டணம் 12, சுங்க வரி 22, லாரியும் கிரேனும் 6, ஃபவுண்டேஷன் 14, எரெக்‌ஷன் கூலியும் சப்ளையர் இன்ஜினியர் செலவும் 18, பேனலும் கேபிளும் 8. மொத்தம் 320 லட்சம். (உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கக்கூடிய ஜிஎஸ்டியைச் சேர்க்க வேண்டியதில்லை.) 240 என்று எழுதினால் முக்கால் பங்குக்குத்தான் காப்பீடு. கிரேன் பெல்ட் அறுந்து 40 லட்சம் சேதமானால், சர்வேயர் ஆவரேஜ் விதியைப் போட்டு 30 லட்சம் என்பார். அதிலும் நீங்களே ஏற்க வேண்டிய எக்ஸஸ் தொகை கழியும். மிச்சப்படும் பிரீமியம் அந்தப் பத்து லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

அடுத்து கால அட்டவணை. பொதுவாகப் பாதுகாப்பு தொடங்குவது சரக்கு உங்கள் இடத்தில் இறங்கும்போதுதான். துறைமுகத்திலிருந்து அம்பத்தூர் வரை மரைன் பாலிசி பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டிகள் மூன்று வாரம் ஷெட்டில் கிடந்து, பிறகு திறக்கும்போது ஒரு கன்ட்ரோல் பேனல் நசுங்கியிருந்தால், அது வழியில் நடந்ததா, ஷெட்டில் நடந்ததா? இரண்டு கம்பெனிகளும் கையை விரிக்கும். எங்கே நடந்தது என்று தெரியாத சேதத்தை இரண்டு கம்பெனிகளும் பாதிப் பாதி ஏற்கும் 50:50 விதியை இரண்டு பாலிசியிலும் கேட்டு வாங்குங்கள். பெட்டி இறங்கும் அன்றே வெளிப்புறத்தைப் படம் எடுத்து, அடி பட்டிருந்தால் லாரி ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர் நின்றது இன்சூரன்ஸ்காரர்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் ஷெட்டுக்குள்ளும் வந்திருந்தால் எத்தனை அடி என்பதையும், இப்போது பெட்டிகளை எந்த உயரத்தில் வைக்கப் போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். மறைத்தால் முக்கிய உண்மையை மறைத்ததாகச் சொல்லி கிளெய்மையே நிராகரிக்க இடம் கொடுத்தவராவீர்கள்.

இனி டெஸ்டிங். மெஷின் முதல்முறையாக முழு லோடில் ஓடும் நேரம்தான் பெரிய சேதங்கள் நடக்கும். அதனால் பல பாலிசிகளில் டெஸ்டிங்குக்கு நான்கு வாரம் போலத் தனி வரம்பும் கூடுதல் எக்ஸஸும் உண்டு. பாலிசித் தேதி இன்னும் இருந்தாலும் அந்த வரம்பு தாண்டினால் பாதுகாப்பு இருக்காது. மின் இணைப்பு தாமதமாகி, ஜெனரேட்டரில் நோ-லோட் ஓட்டம் ஆரம்பித்து, லோடு டெஸ்ட் ஐந்து வாரம் கழித்து நடப்பது அடிக்கடி காணும் சங்கதி. எனவே இரண்டையும் பிரித்து எழுதுங்கள். கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"முழு நிறைவு மதிப்பு ரூ.3,20,00,000, பிரிவு வாரியான விவரம் இணைப்பில். இறக்கமும் சேமிப்பும் அக்டோபர் 6 முதல் 26 வரை. எரெக்‌ஷன் அக்டோபர் 27 முதல் டிசம்பர் 7 வரை. நோ-லோட் சோதனை டிசம்பர் 8 முதல் 14 வரை. லோடு சோதனை டிசம்பர் 15 முதல் ஜனவரி 11 வரை. சோதனைக் காலம் மொத்தம் ஐந்து வாரம். பாலிசிக் காலம் ஜனவரி 31 வரை கோருகிறோம். மெஷின் புதியது. உரிமையாளர், எரெக்‌ஷன் கான்ட்ராக்டர் இருவர் பெயரிலும் பாலிசி வேண்டும்."

சோதனை ஓட்டத்தில் வந்த பாகங்களை பில் போட்டு விற்காதீர்கள். மெஷின் உற்பத்திக்குப் போய்விட்டது, எரெக்‌ஷன் பாதுகாப்பு முடிந்தது என்று வாதிட அந்த இன்வாய்ஸே இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சாட்சி.

தாமதம் தெரிந்த உடனே, பாலிசி முடியும் முன்பே நீட்டிப்புக் கேட்டு எழுதுங்கள். 1938 இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவுப்படி பிரீமியம் முன்கூட்டியே வந்து சேராமல் கம்பெனி ரிஸ்க்கை ஏற்க முடியாது. "பேசிட்டோம், பண்ணிடுவாங்க" என்பது செல்லாது. கடித நகலில் கம்பெனியின் முத்திரை வாங்கி வையுங்கள். பாலிசி கைக்கு வந்ததும் தொகை, தேதிகள், சோதனை வாரங்கள் மூன்றையும் கடிதத்தோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் பெட்டி இறங்கும் முன் பாலிசியைத் திருத்தும் எண்டார்ஸ்மென்ட் கேளுங்கள்.