கன்னம் வீங்கிய படத்தை அனுப்பினால் போதுமா?

“அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் பக்கம் கன்னம் வீங்கியிருக்கிறது. வலி நேற்றைவிடக் குறைவு. படத்தைப் பார்த்து, திங்கட்கிழமை வரை காத்திருக்கலாமா என்று மருத்துவர் சொல்ல முடியுமா?”

ஓரளவு முடியும். ஆனால் வலி குறைந்ததை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேரடியில் அடைபட்ட சீழ் எலும்பைத் துளைத்து வெளியேறும்போது அழுத்தம் தணிந்து வலி குறையும். வீக்கமோ அதன் பிறகுதான் பரவும்.

முகத்தை நேராக ஒரு படமும், தலையை நிமிர்த்தித் தாடைக்கு அடியிலிருந்து ஒரு படமும் எடுங்கள். பலரும் அனுப்பாதது இரண்டாவது படத்தைத்தான். தாடையின் கீழ்விளிம்பு தெளிவாகத் தெரிந்து, வீக்கம் பல் ஈறோடு நின்றிருந்தால், பெரும்பாலும் ஓரிரு நாளில் பார்த்துக்கொள்ளலாம். விளிம்பு மறைந்து வீக்கம் கழுத்துப் பக்கம் இறங்கியிருந்தால் இன்றே போக வேண்டும். கடைசிக் கடைவாய்ப் பற்களின் வேர்நுனி நாக்குக்கு அடியிலுள்ள தசைக்குக் கீழே இருப்பதால், அந்தச் சீழ் மூச்சுப்பாதையை நெருக்கக்கூடும்.

படம் காட்டாதவற்றை நீங்கள்தான் எழுத வேண்டும்: காய்ச்சல் உண்டா, சர்க்கரை நோய் உண்டா, வாயை இரண்டு விரல் அகலமாவது திறக்க முடிகிறதா? எச்சில் விழுங்கச் சிரமம், குரல் மாற்றம், நாக்கு மேலே தள்ளப்படுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பதிலுக்குக் காத்திராமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.